முதுமையின் மருத்துவச் செலவுக்குத் தனி நிதி: ஒரு செம்பூர் தம்பதியின் கணக்கு

ஓய்வு பெற்ற பிறகு எவ்வளவு பணம் தேவைப்படும் என்று கணக்குப் போடும்போது, பெரும்பாலானோர் மாதச் செலவு என்று ஒரே தொகையை எழுதுகிறார்கள். மளிகை, பால், மின்கட்டணம், சொசைட்டி பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றோடு மருந்துக் கடை பில்லும் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். பிறகு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஆண்டுக்கு 6 சதவீத விலையேற்றம் என்று வைத்துக்கொண்டு, கையிலுள்ள சேமிப்பு எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்கும் என்று பார்க்கிறார்கள். இந்தக் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. இரண்டு வேறு வகையான செலவுகளை ஒன்றாகக் கலந்ததுதான் பிழை. வீட்டுச் செலவு மாதாமாதம் ஏறத்தாழ ஒரே அளவில் வரும், வயது ஏற ஏறப் பயணமும் துணிமணியும் குறைவதால் சற்றுத் தணியவும் செய்யும். மருத்துவச் செலவோ முதல் பத்து ஆண்டுகளில் அடங்கியிருந்து, பிற்பகுதியில் குவிந்து வரும். அது வேறு வேகத்தில் உயரும், அதைத் தள்ளிப்போடவும் முடியாது.

மும்பை செம்பூரில் சொந்த வீட்டில் வாழும் ஒரு தமிழ்த் தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 63 வயது, மனைவிக்கு 60. மனைவிக்கு 85 வயது ஆகும்வரை, அதாவது 25 ஆண்டுகளுக்குத் திட்டமிடுகிறார்கள். ஓய்வூதியம் இல்லை, வருங்கால வைப்பு நிதி, வைப்புத்தொகைகள், பரஸ்பர நிதி எல்லாம் சேர்ந்து 2 கோடி ரூபாய் இருக்கிறது. மருத்துவம் நீங்கலாக மாதம் 55,000 ரூபாய் செலவு. இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை; படிப்பவர்கள் தங்கள் பில்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் வீட்டுச் செலவு. சேமிப்புக்கு ஆண்டுக்கு 7 சதவீத வருமானம் கிடைக்கிறது, விலைவாசி 6 சதவீதம் உயர்கிறது என்று கொண்டால், இன்று ஆண்டுக்கு ஒரு ரூபாயாக இருக்கும் செலவை 25 ஆண்டுகள் நடத்துவதற்கு இன்று 22 ரூபாய் 40 காசு கையில் இருக்க வேண்டும். பணம் விலைவாசியைவிடச் சற்று வேகமாக வளர்வதால் 25 ரூபாய் தேவைப்படுவதில்லை. ஆண்டுச் செலவு 6.6 லட்சம் என்பதால், தேவை ஏறத்தாழ 1.48 கோடி. 2 கோடியில் இது போக 52 லட்சம் மிஞ்சுகிறது. தானேயில் வீடு வாங்கும் மகனுக்கு முன்பணமாக 50 லட்சம் கொடுக்கலாம் என்று அவர்கள் நினைப்பதும் இந்த இடத்தில்தான். அந்த 52 லட்சம் உண்மையிலேயே உபரிதானா என்பதை மருத்துவக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

மருத்துவச் செலவையும் ஒரே எண்ணாக ஊகிக்கக் கூடாது. அதற்குள் குணத்தால் வேறுபட்ட நான்கு செலவுகள் இருக்கின்றன: வழக்கமான மருந்தும் பரிசோதனையும், காப்பீட்டுப் பிரீமியம், மருத்துவமனையில் சேரும்போது காப்பீடு தராமல் விடும் பங்கு, நீண்டகாலப் பராமரிப்பு.

மருந்தும் பிரீமியமும்

இவை இரண்டும் எளியவை. கடந்த ஓராண்டு மருந்துக் கடை பில்களையும் ஆய்வகப் பில்களையும் கூட்டினால் முதல் எண் கிடைத்துவிடும். நம் தம்பதியில் கணவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும், மனைவிக்குத் தைராய்டும் மூட்டுவலியும். மாதம் 4,500 ரூபாய்க்கு மருந்து; மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி உள்ளிட்ட பரிசோதனைகள், மருத்துவர் கட்டணம், பல், கண் என்று ஆண்டுக்கு 26,000. ஆக மொத்தம் ஆண்டுக்கு 80,000 ரூபாய்.

இது எந்த வேகத்தில் உயரும் என்ற கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மருத்துவப் பணவீக்கம் 14 சதவீதம் என்று அடிக்கடி சொல்லப்படும் எண், மருத்துவமனைச் சிகிச்சையையும் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கும் தொகையையும் ஒட்டியது. மருந்துக் கடை பில்லுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியில்லை. அரசின் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மருந்துகளின் விலையேற்றம் மொத்த விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது; பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கும் 12 மாதங்களில் 10 சதவீதத்துக்கு மேல் விலையை உயர்த்தக் கூடாது. உண்மையில் கூடுவது மாத்திரையின் விலையைவிட மாத்திரைகளின் எண்ணிக்கைதான். இரண்டையும் சேர்த்து 7 சதவீதம் என்று வைத்தால், அது சேமிப்பின் வருமானத்துக்குச் சமம். அப்போது 80,000ஐ 25ஆல் பெருக்கினால் போதும். 20 லட்சம்.

பிரீமியம் அப்படியல்ல. அதில் இரண்டு உயர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன: சிகிச்சைச் செலவு கூடுவதால் எல்லா வயதினருக்கும் வரும் உயர்வு, நமக்கு வயது ஏறி அடுத்த வயதுப் பிரிவுக்குப் போவதால் வரும் உயர்வு. 60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் முன்கூட்டியே தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டதும் ஒரு நிம்மதி. ஆனாலும் நீண்டகால உயர்வை 9 சதவீதத்துக்குக் குறைவாக வைப்பது துணிச்சல் என்பது என் எண்ணம். செலவு 9 சதவீதமும் வருமானம் 7 சதவீதமும் என்றால், பணம் ஆண்டுதோறும் செலவுக்குப் பின்தங்கிப்போகும். இன்று ஆண்டுக்கு ஒரு ரூபாயாக இருக்கும் செலவுக்கு இன்றே 31 ரூபாய் 50 காசு வேண்டும். இத்தம்பதியின் பிரீமியம் 60,000 ரூபாய் என்றால், ஒதுக்க வேண்டியது 18.9 லட்சம்.

காப்பீடு விட்டுவைக்கும் பங்கு

இங்கேதான் கூடுதல் கவனம் தேவை. 'மெடிக்ளெய்ம் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர்கள், தங்கள் பாலிசி ஒரு பில்லில் எவ்வளவு தரும் என்று ஒருமுறையேனும் கணக்கிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் தம்பதியிடம் இருப்பது பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த பாலிசி. காப்பீட்டுத் தொகை 5 லட்சம். அறை வாடகைக்கு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பு. ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதத்தை அவர்களே ஏற்க வேண்டும் என்ற கோ-பே விதி. காப்பீட்டுத் தொகை தீர்ந்துவிடாமல் இருக்க, குறிப்பிட்ட வரம்புக்கு மேல் போகும் செலவை மட்டும் ஏற்கும் கூடுதல் பாலிசியான சூப்பர் டாப்-அப் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். சாதாரண டாப்-அப்பைப் போல ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்காமல், ஓராண்டின் எல்லா பில்களையும் கூட்டி வரம்பைத் தாண்டியதா என்று அது பார்க்கும். ஆனால் வரம்புக்குக் கீழே விடுபடும் தொகைக்கு அது உதவாது.

கணவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடக்கிறது என்று கொள்வோம். ஆறு நாள் தங்கல். நாளுக்கு 8,000 ரூபாய் வாடகையில் தனியறை. அறை வாடகை 48,000. அறுவை அரங்கம், அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், செவிலியர் கட்டணம் 1,80,000. மருந்து, உள்ளே பொருத்திய கருவி, பரிசோதனைகள் 1,20,000. கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் போன்று பாலிசி ஏற்காத இனங்கள் 22,000. மொத்தம் 3.7 லட்சம்.

அறைக்கு நாளுக்கு 3,000 ரூபாய் கூடுதல், ஆறு நாளுக்கு 18,000தான் நம் தலையில் விழும் என்று தோன்றும். நடப்பது அதுவல்ல. வரம்பை மீறிய அறையை எடுத்தால், அறையின் தரத்தோடு சேர்ந்து உயரும் மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அதாவது 1,80,000 ரூபாயில் எட்டில் ஐந்து பங்கு, 1,12,500 மட்டும் ஏற்கப்படும். மருந்து, பொருத்திய கருவி, பரிசோதனை ஆகியவற்றை இப்படி வெட்டக் கூடாது என்பது ஒழுங்குமுறை விதி. ஆகவே 1,20,000 முழுமையாக ஏற்கப்படும். அறைக்கு 30,000. இவற்றைக் கூட்டினால் 2,62,500. இதில் 20 சதவீதக் கோ-பே கழிந்து, நிறுவனம் தருவது 2,10,000. மீதி 1,60,000 ரூபாயை, பில்லில் நூற்றுக்கு 43 பங்கை, குடும்பம் கட்ட வேண்டும்.

வரம்புக்குள் இருக்கும் பகிர்வறையை எடுத்திருந்தால் இந்தத் தொகை வெகுவாகக் குறைந்திருக்கும். அறைக் கட்டண வரம்பு இல்லாத பாலிசிக்கு மாறுவது இன்னும் நல்லது. புதுப்பிக்கும் நாளுக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்காக முன்பு முடித்த காத்திருப்புக் காலம் வீணாகாமல் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் புதிய நிறுவனம் சர்க்கரை நோயைக் காட்டி மறுக்கலாம், அல்லது பிரீமியத்தைக் கூட்டலாம். 63 வயதில் இந்த மாற்றம் கைகூடும் என்று நம்பித் திட்டமிட முடியாது. எனவே விடுபடும் பங்குக்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். இருவருக்கும் சேர்த்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஒரு பில் வரும் என்று கொண்டால், ஆண்டுச் சராசரி 40,000. மருத்துவமனைக் கட்டணம் 9 சதவீதம் உயரும் என்பதால் 31.5ஆல் பெருக்க, 12.6 லட்சம்.

அரசின் உதவி எங்கே என்று கேட்கலாம். 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் எதுவாயினும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை என்பது 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களும் அதைப் பெறலாம். குடும்பத்தில் 70ஐக் கடந்த இருவர் இருந்தால் அந்த 5 லட்சத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டுமே செல்லும். வெளிநோயாளிச் செலவும் வீட்டுப் பராமரிப்பும் அதில் இல்லை. பரேலின் கேஇஎம், சயான் மருத்துவமனை போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளும் மும்பைவாசிகளுக்கு இருக்கின்றன. இவற்றைக் கணக்கிலிருந்து கழிக்காமல், கணக்குத் தவறிப்போனால் தாங்கிப் பிடிக்கும் அடித்தளமாக வைத்துக்கொள்வதே முறை.

யாரும் எழுதாத நான்காவது செலவு

பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, மறதிநோய் ஆகியவற்றுக்குப் பின் வருவது நீண்டகாலப் பராமரிப்பு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றிலிருந்து இது தொடங்கும். வழக்கமான மெடிக்ளெய்ம் பாலிசிகள் இதற்கு ஏறக்குறைய எதுவும் தருவதில்லை; மருத்துவமனையில் சேர்ந்த சிகிச்சைக்குப் பின் வரும் பரிசோதனை, மருந்து பில்களைப் பாலிசியில் சொன்ன சில மாதங்கள் வரை ஏற்பார்கள், அவ்வளவே. பியூரோ மூலம் வரும் ஆயாவுக்கு, மும்பை வழக்கில் சொன்னால் மௌஷிக்கு, கொடுக்கும் சம்பளம் அதில் வராது. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கான சம்பளமும் உணவும், பிசியோதெரபி, பெரியவர்களுக்கான டயப்பர், வாடகைக் கட்டில் எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய் என்று வைப்போம்.

எத்தனை மாதம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலருக்கு ஒரு நாளும் தேவைப்படாது, சிலருக்கு ஏழெட்டு ஆண்டுகள் நீளும். இருவருக்கும் சேர்த்து மூன்று ஆண்டுகள் என்பது நடுத்தரமான ஓர் ஒதுக்கீடு. 36 மாதங்களுக்கு 14.4 லட்சம். சம்பளம் 7 சதவீதம் உயர்ந்தால் பணமும் அதே வேகத்தில் வளர்வதால், இன்று ஒதுக்க வேண்டியதும் அதே 14.4 லட்சம்தான். மகள், மருமகள் பார்த்துக்கொள்வார்கள் என்று இந்த வரியைச் சுழியம் ஆக்குவது நம் வீடுகளில் வழக்கம். அப்படிச் செய்தால் செலவு மறைவதில்லை. வேலையை விட்டுவிட்டு வரும் ஒரு பெண்ணின் கணக்குக்கு மாறுகிறது.

நான்கையும் கூட்டினால் 20, 18.9, 12.6, 14.4 என ஏறத்தாழ 66 லட்சம். வீட்டுச் செலவுக்கு 1.48 கோடி என்று பார்த்தோம். இரண்டும் சேர்ந்து 2.14 கோடி. உபரி என்று நினைத்த 52 லட்சம் மருத்துவத்துக்கே போதவில்லை. 14 லட்சம் குறைகிறது. பிரீமியமும் மருத்துவமனைக் கட்டணமும் 9 சதவீதத்துக்குப் பதில் 11 சதவீதம் உயர்ந்தால், அவற்றுக்கான பெருக்கல் எண் 31.5லிருந்து 40 ஆகி, இன்னும் 9 லட்சம் வரை கூடுதலாகத் தேவைப்படும். மறுபுறம், இருவரில் ஒருவர் முன்னதாக இறந்துவிட்டால் செலவு குறையும் என்பதை இக்கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே 66 லட்சம் என்பதை ஒரு புள்ளியாகக் கொள்ளாமல், 55 முதல் 75 லட்சம் என்ற வீச்சின் நடுப்பகுதியாகக் கொள்ள வேண்டும்.

பற்றாக்குறையைச் சரிக்கட்ட இத்தம்பதிக்கு வழி இருக்கிறது. நாட்பட்ட நோய்களுக்கான மருந்துகளில் பலவும் மக்கள் மருந்தகத்தில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. மருத்துவரிடம் கேட்டு, மாற்றக்கூடியவற்றை மாற்றி மாதம் 2,000 ரூபாய் மிச்சப்படுத்தினால், ஆண்டுக்கு 24,000 வீதம் 25 ஆண்டுக்கு 6 லட்சம் தேவை குறைகிறது. கணவர் இன்னும் இரண்டு ஆண்டுகள் பகுதிநேர வேலை பார்த்து ஆண்டுக்கு 4 லட்சம் சேர்த்தால் மீதி 8 லட்சமும் வந்துவிடும். மகனுக்குக் கொடுக்க நினைத்த 50 லட்சத்தை மட்டும் இதில் எங்கும் கண்டெடுக்க முடியாது. அதைக் கசப்பாக இருந்தாலும் இப்போதே அவனிடம் சொல்லிவிடுவது, பின்னாளில் அவனிடமே கைநீட்டுவதைவிட மேல்.

பணத்தை எங்கே வைப்பது

இந்த நிதி வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து பிரிந்து, வேறு வங்கிக் கணக்கோடு இருக்க வேண்டும். மருந்து, பிரீமியம், மருத்துவமனை, பராமரிப்பு ஆகிய நான்கும் அதிலிருந்தே போக வேண்டும். வேறு எதுவும் போகக் கூடாது.

அதில் 5 லட்சம் அன்றைய தினமே எடுக்கும்படி, சேமிப்புக் கணக்கோடு இணைந்த வைப்பில் இருக்கட்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதிலும், வீடு திரும்பும்போது மூன்று மணி நேரத்தில் இறுதி ஒப்புதலும் தர வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. என்றாலும் சேர்க்கும்போது முன்பணம் கேட்கும் மருத்துவமனைகள் உண்டு, கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் முழு பில்லையும் கட்டிவிட்டுப் பிறகு காப்பீட்டுத் தொகைக்காகக் காத்திருக்க வேண்டும். கணக்கு கணவர் பெயரில் மட்டும் இருந்து, நினைவிழந்து கிடப்பவரும் அவராகவே இருந்தால், பணம் இருந்தும் பயனில்லை. இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக அது இருக்க வேண்டும். கூட்டு வைப்பை முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தையும் கேட்கும் வங்கிகள் உள்ளன என்பதால், இதை முன்பே கேட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த ஏழெட்டு ஆண்டுச் செலவுக்கான பணம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் வங்கி வைப்புகளிலும் இருக்கலாம். அத்திட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருவதால் பிரீமியத்துக்குப் பொருந்தும். வங்கி வைப்புக்கான காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் என்பதையும் நினைவில் கொண்டு பிரித்து வைக்க வேண்டும். 15 ஆண்டுகளுக்குப் பின்தான் தேவைப்படக்கூடிய பராமரிப்புப் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குகளும் கடன் பத்திரங்களும் கலந்த பரஸ்பர நிதியில் வைக்கலாம். 75 வயதை நெருங்கும்போது அதைப் படிப்படியாக வைப்புக்கு மாற்றிவிட வேண்டும்.

தனிக் கணக்கினால் வரும் இன்னொரு நன்மை, பிரீமியம் தவறாமல் போவது. ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டிப் பாலிசி காலாவதியானால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரையிலான காத்திருப்பை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். 5 ஆண்டுகள் தொடர்ந்து கட்டியவர்களின் கோரிக்கையை, மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, பாலிசி எடுத்தபோது சொல்லாமல் விட்ட விவரத்தைக் காட்டி மறுக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் போய்விடும்.

நிதி சரியாகப் போகிறதா என்று அறிய, பிரீமியம் நோட்டீஸ் வரும் மாதத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். முதல் ஆண்டில் 66 லட்சத்திலிருந்து செலவாவது 1.8 லட்சம், மீதி 7 சதவீதம் வளர்ந்தால் ஆண்டு இறுதியில் 68.7 லட்சம் இருக்க வேண்டும். முதல் பத்து ஆண்டுகளில் நிதி வளர்ந்துகொண்டே போவதுதான் சரியான அறிகுறி. அந்த வளர்ச்சியைப் பார்த்துப் பேத்தியின் கல்யாணத்துக்குக் கொஞ்சம் எடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் அது 80 வயதுக்கான பணம். இந்த முதல் பத்தாண்டிலேயே நிதி வளராமல் நின்றால், மருந்துச் செலவைக் குறைவாக மதிப்பிட்டிருக்கிறோம், அல்லது பணம் வேறெங்கோ போகிறது. பெரிய மருத்துவமனை பில் வந்த ஆண்டில் மட்டும் அது குறையலாம். அப்போது காப்பீடு எவ்வளவு விட்டது என்பதை 1,60,000 என்ற மதிப்பீட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசம் பெரிதானால் அடுத்த ஆண்டுக் கணக்கில் 40,000 என்ற எண்ணை மாற்றி எழுத வேண்டும்.